ராயப்பன் தலையாட்டியது

ஒத்தக்கடையில் ராயப்பனைச் செவிடர் என்று யாரும் சொன்னதில்லை. ‘ஆமா சார்’ என்பார்கள். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே “ஆமா” என்று தலையாட்டுவார். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு அவ்வளவு கூச்சம். அந்த மனிதரை அந்தத் தலையாட்டல்தான் கெடுத்தது.

போன வருடம் மகன் ஜூடு அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப்போனான். மெஷின் மாட்டிவிட்ட பெண் ஜூடுவிடம் பொறுமையாகச் சொன்னாள்.

“மெஷின் மாட்டிட்டா எல்லாம் சரியாயிரும்னு நினைக்காதீங்க. மிக்ஸி, டிவி சத்தத்தையும் சேத்துத்தான் அது கூட்டும். அதெல்லாம் நிறுத்திட்டுப் பேசுங்க. கிட்ட உக்காந்து, முகத்துக்கு நேரா பேசணும். வெளிச்சம் உங்க முகத்துல விழணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னா உங்க வாய் அவருக்கு இருட்டாத் தெரியும். கத்தாதீங்க, கத்துனா வாய் கோணிப்போயிரும். கொஞ்சம் நிதானமா, ஆனா ஒவ்வொரு சொல்லா வெட்டாமப் பேசுங்க. எதப்பத்தின்னு மொதல்ல சொல்லிருங்க. புரியலன்னா அதையே திருப்பிச் சொல்லாம வேற வார்த்தையில சொல்லுங்க.”

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இந்தச் சங்கு ஊதப்பட்டதோ நன்றாகக் கேட்கிற காதில். ஒரு வாரம் ஒழுங்காகப் பேசினான். அப்புறம் பழையபடி செல்போனைப் பார்த்துக்கொண்டே, அடுத்த அறையிலிருந்தே பேச்சு. மருமகள் ஆன்சி வாயைக் கையால் மூடிக்கொண்டு, “மாமாவுக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்” என்று அவர் எதிரிலேயே சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூடுவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. அங்கே பார்த்த வீட்டில் அப்பாவுக்கு இடமில்லை. காலை நேரம், சமையலறையில் ஆன்சி தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஜூடு ஜன்னலில் சாய்ந்து நின்றான். வெயில் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கூசவைத்தது. நின்ற இடத்திலிருந்தே கேட்டான்.

“அப்பா, திருப்பரங்குன்றத்துல சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல ஒங்களச் சேத்துவிடலாம்னு இருக்கோம். சரிதானே?”

மிக்ஸி இரைச்சலில் ராயப்பனுக்குப் பரங்குன்றம் மட்டும்தான் விழுந்தது. கூட வேலை பார்த்த பெனடிக்ட் மகளுக்கு அந்த வாரம் அங்கேதான் கல்யாணம். மகன் தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று மனம் குளிர்ந்துபோனது.

“ஆமா, ஆமா” என்றார்.

“அப்பாவே சரின்னுட்டாரு” என்றான் ஜூடு. ஆன்சி மிக்ஸியை நிறுத்தினாள்.

புறப்படும் நாளில் ராயப்பன் சரிகை வேட்டி கட்டி, கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கைப் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். டிக்கியில் தன் டிரங்குப் பெட்டி இருப்பது அவருக்குத் தெரியாது.

இல்லத்தில் பொறுப்பு சிஸ்டர் ஆனிமேரி. புதிதாக வருகிறவர்களிடம் அவரே பேசாமல் சேர்ப்பதில்லை. முதலில் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தபடி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ராயப்பனுக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் கையைத் தொட்டார்.

“ஐயா, நீங்க தங்குற எடத்தப் பத்திப் பேசுறேன். இங்க எங்களோடயே இருக்க ஒங்களுக்குச் சம்மதமா?”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு வாக்கியம் முழுதாக அவர் காதில் விழுந்தது. அது இதுவாக இருந்தது.

அவர் தலையாட்டவில்லை. “நான் கல்யாணத்துக்குல்ல வந்தேன்” என்றார்.

“ஒங்க மகன் கேட்டாராம். நீங்க சரின்னு சொன்னீங்களாம்.”

ராயப்பன் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சிஸ்டரிடம் ஏதோ முணுமுணுத்தான். சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மறைக்காமல், அதே நிதானத்தில் அவரிடம் சொன்னார்.

“வீட்ட வாடகைக்கு விட்டாச்சாம், ஐயா. இன்னைக்கு ஆள் குடி வாராங்களாம். ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க. நான் சேக்க மாட்டேன், கூட்டிட்டுப் போகச் சொல்லிருவேன்.”

“எங்க கூட்டிட்டுப் போவான்?” என்றார் ராயப்பன். குத்துவிளக்குப் பொட்டலத்தை மெல்ல மேசைமேல் வைத்தார். “இருக்கேன், சிஸ்டர். தலையாட்டுனது வாஸ்தவந்தான்.”

வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜூடு வெளியே போய் ஆன்சியிடம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். சிஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி சற்றே நகர்ந்துகொண்டான். அப்பாவின் கையைத் தொட்டு, அவர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, கத்தாமல், நிதானமாகச் சொன்னான்.

“அப்பா, நான் கெளம்புறது பத்திச் சொல்றேன். மாசம் ஒருக்கா வாரேன். என்மேல கோவிச்சுக்காதீங்க.”

ஒரு சொல் பாக்கியில்லாமல் எல்லாம் கேட்டது. மெஷின் மாட்டிவிட்ட பெண் சொன்னதில் ஒன்றைக்கூட அவன் மறந்திருக்கவில்லை.

ராயப்பன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“காது கேக்கலப்பா.”