மூன்றாவது ஆட்சேபம்

சுதந்திரம் வந்த புதிதில், காஜா பேராங் என்ற பகுதியில் இருந்த எங்கள் சிறிய தமிழ்ப் பள்ளியை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. மனு எழுதும் பொறுப்பு பள்ளிக் குமாஸ்தாவான எனக்கு.

“முதல்லயே மூட வேணாம்னு கேட்டுடுங்க, கிராணி,” என்றார் தலைமையாசிரியர்.

“கேட்ட உடனே முடியாதுன்னுடுவாங்க, சார். அவங்க சந்தேகத்த முதல்ல தீர்த்துடுவோம்.”

பிள்ளைகள் குறைவு என்பார்கள் என்று பெயர்ப் பட்டியலை இணைத்தேன். மழைநீர் தேங்கும் என்பார்கள் என்று புதிதாக வெட்டிய கால்வாயின் வரைபடத்தை வைத்தேன். கோரிக்கை கடைசிப் பத்தியில் இருந்தது. அத்துடன் நிற்காமல், யாரும் எழுப்பாத கேள்விக்கும் பதில் சொன்னேன்: கூரையில் தீப்பிடித்தால் அணைக்க மணல் வாளிகள் உண்டு.

மனுவைப் படித்த கல்வி இலாகா அதிகாரி முதல் இரண்டுக்கும் தலையசைத்தார். மூன்றாவதில் சிவப்புப் பென்சில் நின்றது.

“கூரை அத்தாப்பு ஓலையா?” என்றார்.

கடைசிப் பத்திக்கு அவர் வரவேயில்லை. மறுநாள் காலை, தீயணைப்புத் துறையினர் இருவர் பள்ளிக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.