இருப்பில் ஒன்று, கையில் இரண்டு ரசீது

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுக்கு ஆக்ஸிஜன் தரும் மெஷின் எல்லாம் இணையத்தில் விற்கும் கடை அது. கடையின் கணினி நிரலில் கடைசிப் பொருளை இரண்டு பேருக்கு விற்காமல் தடுக்கும் பூட்டை எழுதியவள் அவள். ஒருவர் வாங்கும்போது அந்தப் பொருளின் கணக்கைப் பூட்டிவிடும். இருப்பைப் படிக்கும், பணம் வாங்கும், ஒன்று குறைத்து எழுதும், அப்புறம்தான் திறக்கும். அடுத்தவர் அதுவரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பூட்டுக்குப் பேர்போன அவள் வீட்டுச் சாவியை வாரம் ஒரு முறையாவது தொலைப்பாள் என்பது வேறு விஷயம். "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடறா, நம்ம வாசக் கதவ மட்டும் ஆண்டவன் பாத்துக்கணும்" என்பார் அவள் கணவர். அவர் பேருந்து ஓட்டுபவர். ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் சீட்டோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை அவளைவிட நேரில் பார்த்தவர்.

நான்கு வருடம் அந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்யும் எதையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை, எழுதியவர் உட்பட.

பிறகு ஊரில் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் பரவியது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. மூச்சு கொஞ்சம் தேறியவர்களை, வீட்டில் மெஷின் இருந்தால் கூட்டிப் போங்கள் என்றார்கள். கடையின் இணையப் பக்கத்தில் கூட்டம் தாங்கவில்லை. அவளைவிடப் பத்து வயது இளையவரான முதலாளி, கடையை ஓட்டும் சர்வர் கணினி ஒன்று போதாதென்று பக்கத்தில் இரண்டாவதை நிறுத்தினார். வருகிற வாடிக்கையாளர்களை மாறி மாறி இரண்டுக்கும் அனுப்ப ஏற்பாடு. கடைக்கு இரண்டு வாசல் வந்துவிட்டது.

பூட்டக்கா அன்றே முதலாளியிடம் போனாள். அவள் பூட்டு இருந்தது சர்வரின் நினைவில். ஒரு சர்வர் பூட்டியிருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. இருப்புக் கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொதுவான டேட்டாபேஸில் இருந்தது.

"தம்பி, பூட்ட டேட்டாபேஸுக்கே கொண்டுபோகணும். ரெண்டு நாள் குடுங்க."

"அக்கா, கூட்டம் குறையட்டும். கடைசி ஒண்ண ரெண்டு பேரு அதே செகண்ட்ல அழுத்தப் போறாங்களா என்ன?"

"நடக்கறது கஷ்டம்தான்" என்றாள் அவள். நியாயமாகப் பார்த்தால் கஷ்டம்தான். இந்த நியாயமான பதிலைத்தான் பின்னால் அவளால் தனக்கே மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் இருவரும் மறந்தது ஒன்று. மெஷின் தீர்ந்துபோனதும், காத்திருப்பவர்கள் எண்ணைப் பதிந்து வைக்கலாம் என்று கடை சொல்லியிருந்தது. சரக்கு வந்த நொடியில் அத்தனை பேருக்கும் ஒன்றாகச் செய்தி போகும். ஆக, ஒரே நேரத்தில் அழுத்துவது அபூர்வமில்லை. ஒரே நேரத்தில் அழுத்துங்கள் என்று மணியடித்துக் கூப்பிட்டதே கடைதான்.

ஒரு முற்பகல் பழுது பார்த்த மெஷின் ஒன்று கிடங்குக்குத் திரும்பியது. கிடங்குக்காரர் துடைத்து, ஓட்டிப் பார்த்து, இருப்பில் ஒன்று என்று ஏற்றினார். செய்தி பறந்தது. முதல் வாசலில் ஒருவர், இரண்டாம் வாசலில் ஒருவர். முதல் சர்வர் தன் பூட்டைப் போட்டுக்கொண்டு இருப்பைப் படித்தது: ஒன்று. இரண்டாவதும் தன் பூட்டைப் போட்டுக்கொண்டு படித்தது: ஒன்று. இரண்டும் பணம் வாங்கின. ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம் என்று இரண்டும் எழுதின. கணக்கில் மைனஸ் இல்லை, சிவப்பு இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. பூஜ்யம் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது கிடங்குக்காரர். "பூட்டக்கா, ஒரு பெட்டிக்கு ரெண்டு அட்ரஸ் ஸ்டிக்கர் வந்துருக்கு. பாதி பாதியா அறுத்து அனுப்பவா?"

அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "நான் கிட்ட இருக்கற வீட்டுக்கு வண்டில ஏத்தி விட்டுட்டேன். இன்னொண்ணு ஊரு அந்தக் கோடி. தப்பா?"

தப்பு என்று சொல்ல அவளிடம் சரி என்று ஒன்று இருக்க வேண்டுமே. இரண்டு சர்வர்களின் கடிகாரங்களையும் எடுத்து ஒப்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், இரண்டு ஆர்டருக்கும் நடுவில் இருந்ததைவிட அதிகம். யார் முதலில் அழுத்தியது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு ஒரு ஸாரி போட்ருங்கக்கா" என்றார் முதலாளி, கெட்ட மனுஷர் இல்லை, களைத்த மனுஷர். பணத்தை அப்போதே திருப்பிவிட்டு, அவரே நான்கு கடைகளைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கும் இல்லை.

முதலில் அவள் மெஷின் போய்ச் சேர்ந்த வீட்டைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் ஒரு பெண், பின்னால் மெஷின் ஓடும் உறுமல். "மாட்டிட்டோம்மா, அப்பா இப்பதான் கண்ண மூடித் தூங்கறாரு. புண்ணியமாப் போகும் உங்களுக்கு." எதற்குக் கூப்பிட்டாள் என்பதைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

இன்னொரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை. அதனால் நிரலைத் திருத்தினாள். படிப்பது, யோசிப்பது, எழுதுவது என்ற மூன்றையும் ஒரே கட்டளையாக்கி டேட்டாபேஸிடம் கொடுத்தாள்: இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்று குறை, குறைத்தாயா என்று சொல். குறைத்தேன் என்றால் மட்டும் பணம் வாங்கு. பணம் வராவிட்டால் திரும்பச் சேர். இரண்டு சர்வரிலிருந்தும் பொய் வாடிக்கையாளர்களைக் கும்பலாக ஏவிப் பார்த்தாள். ஒருவருக்குக் கிடைத்தது, மற்ற எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது என்று வந்தது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. இதற்கா இரண்டு நாள் கேட்டோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

போனை எடுத்தாள்.

"வண்டி வந்துருச்சாங்க? நாங்க இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்கோம், அம்மாவ வீல்சேர்ல உக்கார வச்சாச்சு" என்றது ஓர் ஆண் குரல்.

சொன்னாள். சுற்றி வளைக்காமல், தப்பு கடையுடையது, பூட்டு தன்னுடையது என்று சொன்னாள்.

"பணம் வந்துருச்சு, பாத்தேன். ஏன் வந்துச்சுன்னு யோசிச்சிட்டே இருந்தேன்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மெசேஜப் பாத்துட்டு லேட்டா அழுத்திட்டேன்னு எங்கக்கா நெனப்பா. நீங்களே சொல்லிருங்களேன். நான் லேட்டா?"

"இல்லங்க. நீங்க லேட் இல்ல."

"அக்கா, இந்தா, கடைலருந்து பேசறாங்க."

போன் கைமாறியது. பெண் குரல், முரட்டுக் குரல். "சொல்லும்மா. இவன் லேட் இல்லையா?"

"இல்லங்க."

"அப்ப அந்த இன்னொருத்தங்க முன்னாடியா?"

"அதுவும் தெரியாதுங்க."

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அப்புறம் எப்படி அவங்களுக்குப் போச்சு?"

பூட்டக்காவிடம் வேறு பதில் இருந்தால் அதைச் சொல்லியிருப்பாள்.

"அவங்க வீடு கிட்டங்க."

மறுமுனையில் யாரோ ஒரு கட்டிலை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

"பெட்ட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம்மா" என்றாள் அந்த அக்கா, கோபம் எல்லாம் வடிந்த குரலில். "நீங்க ஓகேன்னு போட்டதப் பாத்துத்தான் குடுத்தோம். அடுத்த ஆள் படுத்தாச்சு. நர்ஸம்மாவக் கேட்டேன், அம்மாவையும் அவரையும் ஒரே பெட்லயா போட முடியும்ங்கறாங்க."