எழுபத்தைந்து டிகிரி என்ற சரியான விடை

"நான் எழுபத்தஞ்சுக்கு மேலதான்டி சூடு பண்ணினேன். தெர்மாமீட்டர் எழுபத்தெட்டு காட்டுச்சு. நீ குடுத்த விடைதான அது?"

ஓசூர் பஸ் ஸ்டாண்டில், மத்தூர் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது என் தோழி கேட்டாள். காலடியில் துணிப்பை. கேன்டீன் வேலை போய், சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். சரியான விடையை மனப்பாடமாக வைத்திருந்தும் ஒருத்தி தவறிப்போக முடியும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு பேரும் ஒரே கேட்டரிங் வகுப்பு. உணவுப் பாதுகாப்புத் தாள் முழுக்க நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். பழைய தாள்களை எல்லாம் தேடிப்பிடித்து, கேள்வி எண், பக்கத்தில் ஏ பி சி டி என்று பட்டியல் போட்டு வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டது நான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. 'டாப்பர் அக்கா வாழ்க' என்று பசங்க கிண்டல் செய்வதையும் ரசித்தேன்.

தேர்வுக்கு முந்தைய மத்தியானம் அவள் மட்டும் கேட்டாள்: "மிச்ச சோத்த எழுபத்தஞ்சுல சூடு பண்ணணும்னு ஒரு கேள்வி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆறவைக்கணும்னு இன்னொண்ணு. எப்படியும் சூடு பண்ணத்தான போறோம், அப்புறம் ஆறவைக்க எதுக்குடி அவசரம்?"

"அதெல்லாம் மார்க்குக்கு வேணாம்டி. மொதல்ல சி, அடுத்தது ஏ. போட்டுட்டுப் போ."

எனக்குக் காரணம் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

இரண்டு பேருமே பாஸ். அவளுக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை கிடைத்தது. வீட்டில் முதல் சம்பளக்காரி. கேன்டீன் அண்டாவில் ஆள் உட்காரலாம் என்று போனில் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வடித்த சோறு அரை அண்டா மிஞ்சியது. தூசி விழக்கூடாதென்று மூடி போட்டு, அடுப்பு மூலையிலேயே விட்டாள். ஆறு மணி நேரம். மாலை ஷிப்டுக்கு அதையே தக்காளிச் சாதமாக்கி, நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி, எழுபத்தெட்டு வந்த பிறகுதான் இறக்கினாள். சாப்பிட்டவர்களில் பலர் இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வேன் இரண்டு நடை போனது. மறுநாள் எல்லாரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது மட்டும்தான் ஆறுதல்.

கேன்டீன் மேற்பார்வையாளர் கன்னடக்காரர். சத்தம்கூடப் போடவில்லையாம். "யாக்கேம்மா? ஏன் அப்படியே மூடி வெச்ச?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். இவள் எழுபத்தைந்து, எழுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

பஸ் வரும்வரை போனில் தேடிப் படித்தேன். அரிசியிலேயே ஒட்டி வருகிற ஒரு கிருமி இருக்கிறது. உறைக்குள் சுருண்டுகொண்டு கொதிநீரிலும் சாகாமல் கிடக்கும். சோறு நிறைய நேரம் வெதுவெதுப்பாக இருந்தால் விழித்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்கும். பிறகு எழுபத்தைந்து வைத்தால் பெருகிய கிருமி சாகும், கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும். தொண்ணூறு வைத்தாலும் போகாது. அதனால்தான் சோற்றை அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, குளிர்பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். சூடாக்குவது அதற்கு அடுத்த வேலை. முதல் வேலையை விட்டவளை இரண்டாவது காப்பாற்றாது.

அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா பரப்பி வெச்சிருப்பனே. தட்டு இருந்துச்சுடி. சும்மாதான் கிடந்துச்சு."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். இப்போது போன் பண்ணினால் எடுக்கிறாள். சமையல் பேச்சு வந்தால் அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிடுகிறாள். கேன்டீன் வேலை எதற்கும் விண்ணப்பிக்கவில்லை.

கேட்டரிங் படிக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் பட்டியலின் நகல் இன்னும் ஜூனியர் குழுக்களில் சுற்றுகிறது. அழிக்கச் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்பதாக இல்லை. அதில் உள்ள விடைகள் சரிதான், அதுதான் பயமே. ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் மதிப்பெண் வரும். அதே சோறு வேறு பாத்திரத்தில், வேறு நேரத்தில், தேர்வில் வராத நிலைமையில் உங்கள் முன்னால் நிற்கும்போது காரணம் தெரிந்தவருக்குத்தான் கை எங்கே போகவேண்டும் என்று தெரியும்.

அந்தப் பட்டியலை முதலிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஏ பி சி டி கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஏன் என்று நாலு வரி, எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே. பதினொன்று முடிந்திருக்கிறது. சோற்றுக் கேள்வியை இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தூர் போய், அதை மட்டும் அவளையே எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன். மாட்டேன் என்றால் அடுத்த ஞாயிறும் போவேன்.