அடைக்கலத்தின் இரண்டு கணக்குகள்

திருமயத்தில் உரமும் மோட்டாரும் விற்கிற அந்தக் கடையில் பில் போடுகிறவள் வனிதா. அந்தப் பிள்ளை கைபட்டால் கணக்கு பிசகாது என்று ஊரே சொல்லும். சம்பளத்தைவிட அந்தப் பேரைத்தான் அவள் பெரிதாக நினைத்திருந்தாள்.

புது சாஃப்ட்வேரில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று கணக்குகள் கிடந்தன. "எல்லாத்தையும் ஒண்ணாக்கிரும்மா" என்றார் முதலாளி ரகுநாத். ஒன்றை அழித்துவிட்டால் முடிந்ததா? பழைய பில் அனாதையாகிவிடும், பாக்கி காற்றோடு போய்விடும். வனிதா முதலில் பேக்கப் எடுத்தாள். ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, மற்றதன் பில், பாக்கி, அட்வான்ஸ் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். ஒவ்வொரு பில்லிலும் பழைய கணக்கு எண்ணை அப்படியே விட்டுவைத்தாள். முன்னும் பின்னும் மொத்தம் பார்த்தாள். சந்தேகம் வந்தால் ஆளுக்கே போன் போட்டுக் கேட்டாள்.

பெ. அடைக்கலம் என்று இரண்டு கணக்கு. ஒரே ஊர், ஒரே போன் நம்பர். இதற்குப் போய் யாராவது கேட்பார்களா? சேர்த்துவிட்டாள். மொத்தம் பைசா பிசகாமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்! எந்த இரண்டு பேரைச் சேர்த்தாலும் மொத்தம் மாறாதே. அது அவளுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மறுவாரம் அடைக்கலம் மோட்டார் எடுக்க வந்தார். பயிர் காய்ந்துகொண்டிருந்தது. ரகுநாத் திரையைப் பார்த்தார்.

"மோட்டாருக்கு நீங்க கட்டுன பதினெட்டாயிரம், பழைய பூச்சிமருந்துக் கடன்ல கழிஞ்சுருச்சு. இன்னும் மூவாயிரம் தரணுமே."

"கடனுக்கு ஒரு பாட்டில்கூட நான் வாங்குனதில்லைங்க!" பில்களைப் பார்த்தவர் முகம் இறுகியது. "ஓகோ, அவன் வாங்குனதா? என் பெரியப்பன் மகன். அவனுக்கும் தாத்தா பேருதான். ஒண்ணா இருந்தப்ப ரெண்டு பேருக்கும் ஒரே போனு. வரப்பை வெட்டுனது பத்தாதுன்னு, என் பேருலயே கடன் வாங்கிருக்கானா? இன்னைக்கு அவனா நானான்னு பாத்துர்றேன்!"

வனிதா வாய் திறப்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது. பாவி, இப்படிப் பண்ணிவிட்டோமே! வாசல்வரை ஓடியவள் திரும்பி வந்து கணக்கிலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுகிறார் போல என்று ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, பழைய எண்களைப் பார்த்துப் பில்களைப் பிரித்தாள். ஒரு பக்கம் பதினெட்டாயிரம் அட்வான்ஸ், இன்னொரு பக்கம் இருபத்தோராயிரம் பாக்கி. இவ்வளவு சுலபமான வேலை.

மூன்றாவது முறை போன் எடுக்கப்பட்டது.

"அண்ணே, கடையிலேர்ந்து வனிதா. திரும்பி வாங்கண்ணே, தப்பு என்னுது. ஒங்க அட்வான்ஸ் பத்திரமா இருக்கு."

"அட்வான்ஸா? நான் பாக்கில்லம்மா வச்சிருக்கேன்."

இது மற்ற அடைக்கலம். அந்த போன் இப்போது இவரிடம்தான் இருக்கிறது.

"இரும்மா, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது... அட, எந்தம்பி! பாகம் பிரிச்சதுலேர்ந்து இங்கிட்டு எட்டிப் பாக்காதவன்!" அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம். "ஆத்தா, தம்பி வந்துருக்கான், தண்ணி கொண்டா!"

"அண்ணே, வெளிய போகாதீங்க! அண்ணே!"

போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.