பேர் மாறாத முப்பது சென்ட்

புவனகிரிக்குக் கிழக்கே ஓர் ஊரில், வாய்க்கால் கரையை ஒட்டி முப்பது சென்ட் நிலம். ஓரத்தில் ஒரு கூரை வீடு, மிச்சத்தில் நெல்லும் நெல் அறுத்த பிறகு உளுந்தும். அங்கே குடியிருந்தவள் சவரியம்மாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அந்த ஊரில் முப்பது வயதுக்கு உட்பட்ட பாதிப் பேர் அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். அவளைத் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. சர்க்கார் கணக்குக்கு மட்டும் அவளைத் தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த நிலத்தை 1994இல் கிரயம் வாங்கியவர் அவள் புருஷன் லூர்துசாமி. விற்றவர் தில்லைநாதன், ஊரில் பெரிய பண்ணை. அவருடைய போர் மோட்டாரைப் பதினேழு வருஷம் பார்த்துக்கொண்டவர் லூர்துசாமி. அந்த விசுவாசத்துக்காகத் தில்லைநாதன் தன்னுடைய இரண்டு ஏக்கர் பத்து சென்ட் வயலில் மேற்கு மூலையைப் பாதி விலைக்குக் கொடுத்தார். முறையாகப் பத்திரம் எழுதிப் பதிந்தும் கொடுத்தார். பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. அதோடு வேலை முடிந்தது என்று லூர்துசாமி நினைத்தார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பத்திரம் பதிவது ஓர் ஆபீஸ், பட்டாவில் பேர் மாற்றுவது வேறோர் ஆபீஸ். முதல் ஆபீசுக்குப் போனவன் இரண்டாவது ஆபீசுக்கும் போய் மனுக் கொடுக்காவிட்டால், தாலுகா கணக்கில் நிலம் விற்றவன் பேரிலேயே கிடக்கும். லூர்துசாமி போகவில்லை. 2004 ஆடியில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்போது கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் ஞானசேகரன். நல்ல மனுஷன். வாரிசுச் சான்றுக்காக வந்த சவரியம்மாளைக் கையோடு உட்காரவைத்து விளக்கினார். கிரயப் பத்திரம், புருஷனின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் வைத்து மனுக் கொடுத்தால் அவள் பேருக்கும் மகள் ஜான்சி பேருக்கும் கூட்டுப் பட்டா ஆகும். ஆனால் வாங்கியது முழு சர்வே நம்பர் இல்லை, அதில் ஒரு மூலை. அதனால் சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, உட்பிரிவு செய்து புது நம்பர் போட வேண்டும். அளப்பதற்கு முன்னால் பட்டாவில் பேர் இருக்கிறவருக்கு நோட்டீஸ் போகும். அதாவது தில்லைநாதனுக்கு.

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தில்லைநாதன் வீட்டு வாசலில் தலையாரி போய் நின்று நோட்டீஸ் நீட்டுவதா? நிலம் கொடுத்த மனுஷன் மேல் சர்க்காரை ஏவிவிட்ட மாதிரி ஆகாதா? மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

தில்லைநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை, அவளும் ரோஷத்தில் மனுவை அப்படியே விட்டுவைத்திருப்பாள். அவர் முகம் மட்டும் சுருங்கியது.

"பத்திரம் உங்கிட்டதான இருக்கு சவரியம்மா? பட்டா யார் பேர்ல இருந்தா என்ன? நான் ஒன்ன காலி பண்ணச் சொல்லிடுவனா?"

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே ஞானசேகரனிடம் போய் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். சவரியம்மாள் கேட்கவில்லை. ஏமாந்தாள் என்று சொல்ல மாட்டேன். மரியாதை பார்த்தாள். நம் சனத்துக்கு இதுதான் சாபம், கையெழுத்தைக் கேட்பதே அவமானம் என்று நினைத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. வருஷா வருஷம் தன் பங்குத் தீர்வையைத் தில்லைநாதன் கையில் கொடுப்பாள், அவர் மொத்த நம்பருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். ரசீதும் அவர் பேரில்தான் வரும். ஜான்சி நர்சிங் முடித்துக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். 2010 மாசியில் தில்லைநாதன் காலமானார். சவரியம்மாள் பெற்ற தகப்பன் போன மாதிரி அழுதாள்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சென்னையில், இளையவன் தேவநாதன் கடலூரில். இருவரும் தகப்பனின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வைத்து மனுக் கொடுத்தார்கள். சிட்டாவில் இரண்டு ஏக்கர் பத்து சென்ட்டும் தில்லைநாதன் பேரில் இருந்தது, அத்தனையும் பிள்ளைகள் பேருக்குக் கூட்டுப் பட்டாவாக மாறியது. ஞானசேகரன் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த அலுவலர் வயலில் யார் அனுபவிக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டியவர். வாய்க்காலைத் தாண்டி நாலு எட்டு நடந்திருந்தால் வீடும் அடுப்புப் புகையும் தெரிந்திருக்கும். அவர் நடக்கவில்லை.

2011 ஐப்பசியில் பிள்ளைகள் மொத்தத்தையும் மனை போட்டு விற்கும் ஒருவருக்குக் கிரயம் செய்தார்கள். அந்த ஆள் பதின்மூன்று வருஷத்துக்குத்தான் வில்லங்கச் சான்று எடுத்தார். லூர்துசாமியின் பத்திரம் பதினேழு வருஷம் பழசு. சான்று சுத்தமாக வந்தது.

அந்த வருஷம்தான் பட்டா மாறுதலுக்குப் புதுச் சுற்றறிக்கை வந்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமைகளில் கிராம நிர்வாக அலுவலரிடமே மனுக் கொடுக்கலாம், அவர் ஒப்புகை தர வேண்டும். உட்பிரிவு தேவையில்லை என்றால் பதினைந்து நாளில் பட்டா, தேவையென்றால் முப்பது நாளில். நல்ல உத்தரவு, குறை சொல்ல முடியாது. மனை வியாபாரி வாங்கியது முழு நம்பர், உட்பிரிவு வேலையே இல்லை. பதினைந்தாம் நாள் அவர் கையில் பட்டா இருந்தது. சவரியம்மாளுக்கு இது எதுவும் தெரியாது.

டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. கூரை எந்தத் திசையில் போனது என்றே தெரியவில்லை. நாலு மண் சுவரும் ஒரு நீலத் தார்ப்பாயும்தான் மிச்சம். குடிசை இழந்தவர்களுக்கு அரசு காங்கிரீட் வீடு கட்டித் தரும் என்று அறிவிப்பு வந்து, பட்டியலில் அவள் பேரும் சேர்ந்தது. அறுபதை நெருங்கிய பொம்பளைக்கு வேறென்ன வேண்டும்? சாவதற்குள் ஒழுகாத ஒரு கூரை. பட்டா நகல் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை பத்திரத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்குப் போனாள். அவர் கணக்கைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"இந்த நம்பர்ல ஒங்க பேரே இல்லியேம்மா. தில்லைநாதன் பேரு கூட இல்ல. புள்ளைங்க வித்து, வாங்குனவரு பேருக்கு மாறி மூணு மாசம் ஆவுது."

அவள் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் படித்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. பத்திரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே மாறிய பட்டாவைத் தன்னால் தொட முடியாது, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போடுங்கள் என்றார். குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்?

முதலில் அவள் போனது கடலூருக்கு, தேவநாதனிடம். சின்னப் பிள்ளையாக அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் உட்காரச் சொன்னான், காபி கொடுத்தான். தனக்கு எல்லாம் தெரியும் என்றும் ஒப்புக்கொண்டான்.

"தெரியும் சவரியம்மா. அண்ணங்கிட்ட சொன்னேன். கணக்குல அப்பா பேர்லதான இருக்கு, அதுங்க குடியிருக்கட்டும், வாங்குறவன் பாத்துப்பான்னுட்டாரு. நானும் கையெழுத்து போட்டுட்டேன்."

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். அந்த வாரமே வாங்கின ஆளின் ஆட்கள் வந்து முளைத்திருந்த உளுந்தை மிதித்துக்கொண்டு மனைக்கல் நட்டார்கள். ஒரு கல் அவள் அடுப்படியில் இருந்தது.

ஜான்சி லீவு போட்டுவிட்டு வந்தாள். சிதம்பரத்தில் கோட்டாட்சியர் முன்னால் மேல்முறையீடு நடந்தது. நாலு வாய்தா. மனை வியாபாரி வக்கீலோடு வந்தார், தேவநாதன் வரவேயில்லை. ஓய்வு பெற்றிருந்த ஞானசேகரன் தானாக வந்து, 2004இல் இந்த அம்மா மனுக் கொடுத்தது நிஜம், திருப்பி வாங்கிக்கொண்டதும் நிஜம் என்று வாக்குமூலம் கொடுத்தார். பெரிய பதவியில் இருந்தும் கோட்டாட்சியர் பொறுமையாகக் கேட்டார். அதையும் சொல்லியாக வேண்டும்.

2012 ஆவணியில் உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஜான்சி முதல் வரியைப் படித்ததும் கத்தினாள். பிறகு மிச்சத்தைப் படித்தாள். 1994ஆம் வருஷப் பத்திரத்தைக் கவனிக்காமல் செய்த பட்டா மாறுதல்கள் ரத்து. இரு தரப்பும் கிரயப் பத்திரம் வைத்திருப்பதால் யாருக்கு உரிமை என்பதை வருவாய்த் துறை முடிவு செய்ய முடியாது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். தீர்ப்பு வரும்வரை பழைய நிலையே தொடரும். பழைய நிலை என்றால் தில்லைநாதன் பேர். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் எரித்த மனுஷனுக்கு இரண்டு ஏக்கர் பத்து சென்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுப் பட்டியலில் சவரியம்மாளின் பேரை அடித்துவிட்டு அடுத்த பேரை எழுதினார்கள். அந்தப் பேர்க்காரி தெரிந்த பெண்தான். இவள் வாசலில் வந்து அழுதுகொண்டே நின்றாள். வீட்டை வாங்கிக்கொள், நீயும் நனைந்துகொண்டு ஏன் கிடக்கிறாய் என்று சவரியம்மாள்தான் அவளை அனுப்பிவைத்தாள்.

ஜான்சி வக்கீல் பிடித்தாள். பத்திரம் முந்தியது, கேஸ் ஜெயிக்கும், எட்டு வருஷம் பத்து வருஷம் ஆகலாம் என்றார் வக்கீல். தாயும் மகளும் வாதிகள் என்று எழுத ஆரம்பித்தார். சவரியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"என் பேர் வேணாம் சார். கேஸ் முடியங்காட்டியும் நான் செத்துடுவேன். அப்புறம் இவ எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கி, அதுக்கு ஒரு மனு போட்டு, பேரு மாத்த அலையணும். இவ பேர்ல மட்டும் போடுங்க."

லூர்துசாமிக்கு அவளும் வாரிசு, அப்படி விட முடியாது என்றார் வக்கீல். வேண்டுமானால் தன் பாகத்தை மகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அப்புறம் நிலத்தில் அவளுக்கு எந்தப் பாத்தியதையும் இருக்காது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். ஜான்சி வேண்டாம் என்று அழுதாள். சவரியம்மாள் யோசிக்கவில்லை.

மறு வாரம் பதிவு ஆபீசில் கைரேகை வைத்தாள். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். ஆமாம் என்றாள். விரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பட்டாவுக்கு மனு இன்றைக்கே கொடுத்துவிடலாமா என்று அவரைக் கேட்டாள். கேஸ் முடிந்து தீர்ப்பு வந்த பிறகுதான் அதெல்லாம் என்றார் அவர்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.