இரண்டு மூடி எண்ணெய்

ஓசூரில் நான் டீ குடிக்கும் கடை ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டியிருக்கிறது. அங்கே பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், தாத்தா விட்டுப்போன பழைய ஸ்கூட்டரில் வருவான். ஒல்லியான உடம்பு, கறை படிந்த நகங்கள். என்னையும் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். அந்த எஞ்சினில் பிஸ்டனுக்கென்று தனி எண்ணெய் இல்லை, பெட்ரோலோடு கலந்து போவதுதான் அதைக் காக்கும் என்பான். லிட்டருக்கு இருபது மில்லி டூ-டி ஆயில். பத்து மில்லி பிடிக்கும் இருமல் மருந்து மூடியால் இரண்டு முறை அளந்து, அதை முதலில் டேங்க்கில் ஊற்றுவான். மேலே பெட்ரோல் விழுந்தால்தான் நன்றாகக் கலக்குமாம். நானும் எண்ணுவேன். ஒருநாளும் தப்பியதில்லை.

அன்று டேங்க் வற்றியிருந்தது. அவன் மூடியை எடுப்பதற்குள் அவனுடைய சித்தப்பா வந்து சாவியைப் பிடுங்கினார்.

"எங்கப்பன் வண்டிடா இது. கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி என்னடா ஊத்தற? தள்ளு. ஏம்பா, அஞ்சு லிட்டர் போடு."

பையனின் கை சட்டைப்பையிலிருந்த ஆயில் பாட்டிலின் மேல் இருந்தது. சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, "ஏன்டா, எண்ணெய் கலக்கணும்னு சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே தாத்தா."

அரை மணியில் அவனுக்குப் போன் வந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் வேகமாகப் போகும்போது பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, சித்தப்பா தூக்கியெறியப்பட்டாராம். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

"கிளட்ச்சப் பிடிச்சிருந்தா எஞ்சின் நின்னாலும் சக்கரம் உருண்டிருக்கும் தாத்தா. விழுந்திருக்கவே மாட்டாரு" என்றான்.

பிறகு மூடியைத் துடைத்துப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான். அந்த வண்டியின் மேல் அவனுக்கு இருந்தது பாசம்தானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.