மூன்று மணித்தியாலம்

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்து மாமி கனடாவுக்குப் போனபோது மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வான் அவளை இரண்டு மணிக்கு வாசலில் இறக்கும். அதன் பிறகு அவள் அதுவரை மாமி வீட்டில்தான் இருந்துவந்தாள். மனைவிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை; வீடு வந்து சேர ஐந்து மணி தாண்டிவிடும். நான் ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் யார்ட் ஒன்றில் எழுதுவினைஞன். மாமி போனதும் அந்த மூன்று மணித்தியாலத்துக்கு ஆளில்லாமல் போய்விட்டது.

"நான் தனிய இருப்பன்" என்று முதலில் சொன்னது மகள்தான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி உடனே சம்மதிக்கவில்லை. வயது ஒரு கணக்கே இல்லை, பிள்ளை எப்படி என்று பார்க்க வேண்டும் என்றாள். அதனால் பழக்கினோம். முதல் சனிக்கிழமை அரை மணித்தியாலம். அடுத்ததில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு. நாங்கள் காலி வீதியில் கடைகளைப் பார்ப்பதுபோல் நடந்துகொண்டிருப்போம். பொருள் எதுவும் வாங்க மாட்டோம்.

இரண்டாவது முறை நான் ஒரு வேலை செய்தேன். தனியே திரும்பி வந்து கதவைத் தட்டி, குரலை மாற்றி, மின்சார பில் வந்திருக்கிறது என்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே காலடிகூடக் கேட்கவில்லை. வெற்றியோடு மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "பிள்ளைய ஏமாத்திப் பழக்காதேங்கோ. நாளைக்கு நீங்களே வந்து கூப்பிட்டாலும் நம்பாது." அது சரியென்று பட்டது. அதற்குப் பிறகு, இப்படி நடந்தால் என்ன செய்வாய் என்று நேராகவே கேட்டுப் பழக்கினோம்.

விதிகளை மகளே கொப்பித் தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டினாள். உள்ளே வந்ததும் பூட்டிவிட்டு அப்பாவுக்கு எடுக்க வேண்டும். காஸ் அடுப்பையும் அயனையும் தொடக்கூடாது. பல்கனிக்குப் போகக்கூடாது. யாராவது தொலைபேசியில் கேட்டால் அம்மா குளிக்கிறா என்று சொல்ல வேண்டும். யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. ஏதும் என்றால் இரண்டாம் மாடி ஆன்ட்டிக்கு எடுக்க வேண்டும். அந்த ஆன்ட்டி வீட்டிலேயே தையல் செய்யும் முஸ்லிம் பெண். நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம். கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது; வெடிச் சத்தம் கேட்டால் யன்னலுக்குக் கிட்டப் போகாமல் நடு அறையில் இருக்க வேண்டும் என்பதை மனைவி கடைசியாகச் சேர்த்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் திரும்பி வந்ததும், கேட்காமலே மகள் சொன்னாள்: "அம்மா, நான் சட்டைக்கு அயன் போட்டனான். பிறகு பிளக்கைக் கழட்டிட்டன்." மனைவி ஏசினாள். இரவு என்னிடம், இந்தப் பிள்ளையைத் தனிய விடலாம், பிழை செய்தால் சொல்லுது என்றாள். அப்படித்தான் முடிவெடுத்தோம்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தினமும் இரண்டேகாலுக்கு யார்ட் தொலைபேசி அடிக்கும். "வந்திட்டன். பூட்டிட்டன்." அவ்வளவுதான் கதை.

மூன்றாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றும் அந்த அழைப்பு வந்தது. மூன்று மணிக்குக் கிட்ட, கொள்கலன் விழுந்ததுபோல ஒரு சத்தம். யார்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அங்கே எதுவும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் குண்டு என்று வானொலி சொன்னது. வெடித்த இடம் வெள்ளவத்தை அல்ல. ஆனால் வீதிகளை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்தேன், எங்கேஜ்ட். திரும்ப எடுத்தேன், அதே சத்தம். வங்கிக்கும் கிடைக்கவில்லை. எத்தனை தரம் சுழற்றினேன் என்று தெரியாது. விரல் நுனி நொந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பேருந்து இல்லை. ஒரு ஓட்டோ பாதி வழி கொண்டுபோய் விட்டது. மிச்சத்தை நடந்தேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய் என்ற அதே கேள்விக்கு வீட்டுக்கு என்ற அதே பதிலைச் சொன்னேன். ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் சுவரோரம் நிறுத்தி வைத்தார்கள். மகள் வீட்டில் தனியே இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பூட்டிய வீட்டில் ஒரு பெண்பிள்ளை தனியே இருக்கிறாள் என்று முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வது?

வீட்டு வாசலை அடைந்தபோது ஆறு மணி. எங்கள் கதவு பூட்டியிருந்தது; சாவிகள் மகளிடமும் மனைவியிடமும்தான். தட்டினேன், கூப்பிட்டேன், பதிலில்லை. இரண்டாம் மாடிக்கு இறங்கி ஓடினேன். கதவைத் திறந்த ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "புள்ள என்னோட ஈக்கிறா. பயப்பட வாணாம்."

மகள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

நாலு மணியளவில் பொலிஸும் ஆமியும் கட்டடத்தைச் சோதிக்க வந்திருக்கிறார்கள். மாடி மாடியாகத் தட்டி, எங்கள் கதவுக்கும் வந்தார்கள். "தொர அரின்ன" என்று இரண்டு தரம் கத்தியிருக்கிறார்கள். திறக்கச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. யார் தட்டினாலும் திறக்காதே என்பதும் சுவரில் இருந்தது. மின்விசிறி ஓடும் சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். ஆள் இருந்துகொண்டு திறக்கவில்லை என்று நினைத்து ஒருவன் கதவை உதைத்தான். அவள் நடு அறைக்குப் போய் ராத்தாவுக்கு எடுத்தாள். ஊர் முழுக்க எங்கேஜ்டாக இருந்த நேரத்தில் அந்த ஒரு அழைப்பு மட்டும் எப்படியோ கிடைத்தது.

ராத்தா மேலே ஏறி, அவர்களுக்கும் கதவுக்கும் நடுவே நின்று, "லமயா தனியம இன்னவா, மஹத்தயா" என்றிருக்கிறார். பிள்ளை தனியே இருக்கிறது என்று. பிறகு கதவோடு வாயை வைத்து, "நான்தான் புள்ள, தொறங்க" என்றார். மகள் ஸ்டூலில் ஏறி, கதவில் இருந்த கண்ணாடித் துளையால் பார்த்த பிறகே திறந்தாள்.

பொலிஸ்காரர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வாங்கிய பத்திரத்தைக் கேட்டார். அது அலுமாரியில். அலுமாரிச் சாவி மனைவியின் கைப்பையில். தாளில் எழுதி ஒட்டிய அத்தனை விதிகளிலும் அந்தப் பத்திரம் பற்றி ஒரு சொல் இல்லை. ராத்தா பொறுப்புச் சொன்னதால் பிள்ளையை விட்டார்கள். தகப்பன் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மனைவி ஏழு மணிக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தாள். மகளைத் தடவிப் பார்த்துவிட்டு அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துத் தந்தாள். ஸ்டேஷனில் பெஞ்சில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பத்திரத்தைப் பார்த்த அதிகாரி, சின்னப் பிள்ளையைத் தனியே விடுகிற தகப்பன் நீயா என்று சிங்களத்தில் கேட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

அன்றே முடிவாகிவிட்டது. ராத்தா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அடுத்த நாளிலிருந்து மகள் பள்ளிக்கூடத்தால் வந்து அவர் வீட்டில் இருப்பாள். நான் மகளிடம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டேன்.

அவள் சாவியை மேசையில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. களைப்பு, பயம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நான் சோறு போடும்போது கேட்டாள்: "நான் எல்லாம் சரியாத்தானே செய்தனான். பிறகேன் சாவியை வாங்கினனீங்கள்?"

தண்டனை என்று நினைத்திருக்கிறாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீ ஒரு பிழையும் விடேல்ல. பத்திரத்தை வெளியில வைக்காதது நாங்கள். ஆமி வந்தால் என்ன செய்யிறதெண்டு சொல்லித் தராததும் நாங்கள்தான்."

"அதைச் சொல்லித் தந்தால் நான் இருப்பனே."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே அதற்குச் சொல்லித் தர ஒன்றும் தெரியவில்லை. நீ இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்ப்பம் என்று மட்டும் மகளிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டு முடித்து, சோற்றுக் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.